புதுசா குடிவந்த வீட்டுக்காரங்களைச் சாயா குடிக்கக் கூப்பிட மெசேஜ்: இது சரியா இருக்கா?

தோவாளைப்பூ

நாகர்கோவில்ல மூணு மாடி அடுக்ககம், மொத்தம் பன்னிரண்டு வீடு. முதல் மாடி 1-சி-க்குப் போன வாரம் ஒரு குடும்பம் குடிவந்திருக்காங்க. அவர் பேங்க்ல வேலை, மாற்றலாகி வந்திருக்கார். மனைவி, மனைவியோட அம்மை, ஒன்பது வயசுல ஒரு பையன், மூணு வயசுல ஒரு பாப்பா. ஊர் கொல்லம் பக்கம். தமிழ் நல்லா பேசுறாங்க, வாசிப்பாங்களான்னு தெரியல. நாங்க இருக்கது 3-ஏ. ஒருநாள் சாயங்காலம் சாயாவுக்குக் கூப்பிடணும்னு ஆசை. வாட்ஸ்அப்ல அனுப்ப இப்படி எழுதி வச்சிருக்கேன்:

"வணக்கம். நமது அடுக்ககத்திற்குப் புதிதாக வந்துள்ள தங்கள் குடும்பத்தை அன்புடன் வரவேற்கிறோம். தங்களுக்கு வசதிப்படும் ஒரு நாளில் குடும்பத்துடன் எங்கள் இல்லத்திற்கு தேநீர் அருந்த வருகை தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

படிச்சுப் பார்த்தா கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு. எங்க மாத்தணும்னு சொல்லுங்க.

மார்த்தாண்டம்_தேன்

நாள் போடாததுதான் குறை. "வசதிப்படும் ஒரு நாள்"னு சொன்னா அந்த நாள் வரவே வராது. மூணு நாலு தேதி போட்டு, எது வசதின்னு கேளுங்க, அவங்களே எடுத்துக்கிடுவாங்க. இன்னொண்ணு, அதை அடுக்கக குரூப்லயே போட்டிருங்க. பதினோரு வீடும் பாக்கும், அவங்களுக்கும் ஒரு மதிப்பா இருக்கும்.

கோட்டாறு_காப்பி

தேன் சொன்னதுல முதல் பாதி சரி, நாள் போடணும். ஆனா நாலு தேதி வேண்டாம். புதுசா வந்தவங்களுக்கு உங்க வீட்டுச் சௌகரியம் தெரியாது. நாலு தேதி குடுத்தா, "இவங்களுக்கு எது தோதுப்படும்னு நாம யோசிக்கணுமே"ன்னு தயங்குவாங்க. புருஷன் பெண்டாட்டி பேசி முடிவு எடுக்கதுக்குள்ள ரெண்டு நாள் போயிரும், அப்புறம் பதில் போடவே கூச்சமாயிரும். ஒரே நாள், ஒரே நேரம் சொல்லுங்க. முடியலன்னா வேற நாள் வச்சுக்கலாம்னு கடைசியில ஒரு வரி. சரின்னு சொல்லவோ முடியாதுன்னு சொல்லவோ ஒரு வார்த்தையில முடியணும்.

குரூப்ல போடவே கூடாது. அங்க போட்டா அவங்க பத்துப் பேர் முன்னால பதில் சொல்லணும், மறுக்கவே முடியாது. கூப்பிடாத மத்த வீட்டுக்காரங்களுக்கும் மனசு சங்கடப்படும். குரூப்ல "நம்ம 1-சி-க்கு வந்திருக்கிறவங்களுக்கு வணக்கம்"னு மட்டும் போடலாம். சாயாவுக்குக் கூப்பிடுறது தனிச் செய்திதான்.

இனி உங்க எழுத்துக்கு வாறேன். உங்க நம்பர் அவங்க போன்ல பதிஞ்சிருக்காது. அப்படின்னா திரையில மேல வரும்போது தெரியிறது முதல் வரி மட்டும்தான். அந்த வரியில "வணக்கம். நமது அடுக்ககத்திற்கு"ன்னு இருந்தா, ஏதோ சங்க அறிவிப்புன்னு நினைச்சு அப்புறம் பாக்கலாம்னு விட்டுருவாங்க. முதல் வரியில உங்க பேரும் வீட்டு நம்பரும் வரட்டும்.

அடுத்து, "குடும்பத்துடன்"ங்கிற சொல். கேக்க நல்லா இருக்கு, ஆனா அதுல யாரெல்லாம் அடக்கம்னு தெரியாது. வீட்ல வயசான அம்மை இருந்தா, "நீங்க போயிட்டு வாங்க மக்களே, நான் வீட்டைப் பாத்துக்கிடுதேன்"னு இருந்திருவாங்க. பாப்பாவைக் கொண்டு வந்தா தொந்தரவான்னும் யோசிப்பாங்க. அம்மை, பையன், பாப்பான்னு ஆளாளாச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் அத்தனை பேரும் வருவாங்க.

மூணாவது, எப்ப வரைக்கும்னும் சொல்லணும். நேரத்துக்கு ஆரம்பம் மட்டும் இருந்தா, வந்தவங்க எப்ப எழும்பணும்னு தெரியாம இருப்பாங்க, ராத்திரிச் சாப்பாடும் இருக்குமோன்னு ஒரு குழப்பம் வேற. "அஞ்சு மணிக்கு வாங்க, ஆறு ஆறேகால் வரைக்கும் பேசிட்டு இருக்கலாம்"னு போட்டா, அவங்க வீட்டு அடுப்பு வேலையை அதுக்குத் தக்க வச்சுக்கிடுவாங்க.

திருத்தி எழுதுறதுக்கு முன்னால ரெண்டு விஷயம் சொல்லுங்க. நம்பர் யாரோடது, எப்படிக் கிடைச்சது? உங்க வீட்ல நாய், பூனை ஏதாவது உண்டா?

இரணியல்_தறி

எட்டுப் பேருக்குச் சாயான்னா கணக்கு இது. ஒரு கப் 120 மில்லி வச்சுக்கிடுங்க. பால் அரை லிட்டர் பாக்கெட் ஒண்ணும் இன்னொண்ணுல பாதியும், அதாவது 750 மில்லி. தண்ணி 350 மில்லி. தேயிலை கப்புக்கு ஒரு டீஸ்பூன். இஞ்சி பெருவிரல் நுனி அளவுக்குத் தட்டி, பாலைக் காய்ச்சிட்டு அதுல போட்டா திரிஞ்சிரும், அதனால முதல்ல தண்ணியில போட்டு நல்லா கொதிக்க விடணும், பிறகுதான் பால். கருப்பட்டின்னா இறக்கி வச்ச பிறகு பாகா ஊத்தணும். அடுப்புல கொதிக்கும்போது போட்டா பால் திரியும்.

தோவாளைப்பூ

தறி அண்ணா, நான் கேட்டது மெசேஜ் எழுதுறதைப் பத்தி 😊 ஆனாலும் இந்தக் கணக்கு ஆகும், குறிச்சு வச்சுக்கிட்டேன்.

கோட்டாறு சார், நம்பர் சங்கத்து லிஸ்ட்ல இருந்து எடுத்தேன், அவரோடது. அந்தம்மா நம்பர் இல்ல. நாய் உண்டு, நாட்டு நாய்தான், கடிக்காது, புது ஆளைப் பாத்தா குரைக்கும். அந்த அம்மைக்கு முட்டுவலி உண்டுன்னு வாட்ச்மேன் சொன்னார்.

வர்ற ஞாயிறு, 15-ம் தேதி, நாலரை மணிக்குக் கூப்பிடலாம்னு இருக்கேன். பழம்பொரியும் சிக்கன் கட்லெட்டும் போடலாம்னு யோசனை.

பூதப்பாண்டி_மலை

ஞாயிறு நாலரைன்னா சரியா ராகுகாலம் தொடங்குற நேரம். ஞாயிற்றுக்கிழமை 4.30-ல இருந்து 6.00 வரைக்கும். முதல் தடவை ஒரு வீட்டுக்குப் போறதை அந்த நேரத்துல வைக்க மாட்டாங்க, பாக்குறவங்க பாப்பாங்க. வெளிய சொல்லாம "வேற வேலை இருக்கு"ன்னு சொல்லிருவாங்க. செவ்வாய்க்கிழமையும் சாயா நேரத்துல வந்து இடிக்கும், மூணுல இருந்து நாலரை. மத்த நாள் எல்லாம் ராகுகாலம் காலையிலயோ மத்தியானத்துலயோ முடிஞ்சிரும், சாயங்காலத்தைத் தொடாது.

முளகுமூடு_மணி

எங்க பக்கத்துல ராகுகாலம் பாக்குறவங்க குறைவு, கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞாயிறு சாயங்காலம்தான் ஒழிவான நேரம். காலையில கோவில், மத்தியானம் சாப்பாடு, தூக்கம், நாலு மணிக்கு மேல சும்மாதான் இருப்பாங்க. அதுக்காக நல்ல நாளை விடணுமா? அவங்க யாருன்னு தெரியாம நாமளே ராகுகாலம்னு முடிவு பண்ண வேண்டாம்.

கட்லெட் விஷயம் மட்டும் சொல்றேன். இப்ப தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் இறைச்சியே தொடாத வீடுகள் நிறைய உண்டு. சிக்கனைத் தட்டுல வச்சிட்டா, வேண்டாம்னு சொல்லவும் கஷ்டம், எடுக்கவும் கஷ்டம்.

பூதப்பாண்டி_மலை

யாருன்னு தெரியாததுனாலதான் சொல்றேன். தெரிஞ்சா பிரச்சினை இல்லையே. பாக்காதவங்களுக்கு எந்த நாளும் சரி. பாக்குறவங்களுக்கு மட்டும்தான் அந்த ஒரு நேரம் ஆகாது. அப்ப எல்லாருக்கும் ஒத்து வர்ற நேரத்தை எடுக்கதுதானே முறை?

முளகுமூடு_மணி

அப்படிப் பாத்தா சனிக்கிழமை சாயங்காலம் பூசைக்குப் போறவங்களும் உண்டு, ஓய்வுநாள் அனுசரிக்கிற சபைக்காரங்களும் உண்டு. எல்லாருக்கும் ஒத்து வர்ற நேரம்னு ஒண்ணு கிடையாது.

கோட்டாறு_காப்பி

ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா இந்த வீட்டுக்கு இன்னொரு கணக்கு இருக்கு. அவர் பேங்க்ல வேலை. பேங்குக்கு ரெண்டாம் சனியும் நாலாம் சனியும் லீவு, மத்த சனிக்கிழமை முழுநாள் வேலை. வர்ற 14-ம் தேதி ரெண்டாம் சனி. அவர் வீட்ல இருப்பார், மறுநாளும் லீவுங்கிறதுனால அவசரம் இருக்காது, ராகுகாலமும் காலையில பத்தரைக்கே முடிஞ்சிரும். அதனால சனிக்கிழமை 14, சாயங்காலம் அஞ்சு மணி. ஒண்ணு மட்டும் யோசிக்கணும், ரெண்டு நாள் சேர்ந்தாப்புல லீவுன்னா கொல்லத்துக்குப் போயிட்டு வரலாம்னு ஒரு எண்ணம் இருக்கலாம். வேற சாமான் எடுக்கவாவது போவாங்க. அதனாலதான் முன்கூட்டியே சொல்லணும். செவ்வாய்க்கிழமை அனுப்பினா நாலு நாள் இடைவெளி இருக்கும், அது போதும். வெள்ளிக்கிழமை ராத்திரி அனுப்பிப் பிரயோசனம் இல்ல.

மணி சொன்ன மாதிரி கட்லெட்டை விட்டிருங்க. பழம்பொரியும், உளுந்துவடையோ முறுக்கோ ஒண்ணும் போதும். எல்லா வீட்டுக்காரங்களும் தொடுற பண்டம் அது. பக்கத்துல ஒரு சீப்பு மட்டிப்பழம் வச்சிருங்க. விரதம், மாலை, மருந்துன்னு எதனாலயோ வெளி வீட்ல சமைச்சதைத் தொடாத ஆளு வந்தா, ஒரு பழத்தை உரிச்சுத் தின்னுட்டு நிம்மதியா உக்காந்திருப்பாங்க. வெறுங்கையா இருக்கிறவங்களைப் பாத்து நாமளும் "எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க"ன்னு வற்புறுத்த வேண்டாம்.

இனி நம்பர். லிஸ்ட்ல இருக்க அவர் நம்பருக்கு அனுப்பினா, அவர் ஆபீஸ்ல கவுண்டர்ல இருக்கும்போது பாத்துட்டு, வீட்ல சொல்ல மறந்திருவார். சனிக்கிழமை நீங்க எண்ணெய் சட்டியை அடுப்புல வச்சிட்டு இருப்பீங்க, அந்தம்மாவுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. கூப்பிட்டு வராமப் போனதுல பாதி இப்படித்தான் நடக்கும். வரவா வேண்டாமான்னு முடிவெடுக்கிறதும், பிள்ளையளைக் கிளப்புறதும் அவங்கதான். அதனால நாளைக்கு ஒரு நிமிஷம் கீழ இறங்கிப்போய், வாசல்ல நின்னே பேசி, "உங்க நம்பர் தாங்க, ஒரு விஷயம் அனுப்பணும்"னு வாங்கிக்கிடுங்க. உள்ள போய் உக்காராதீங்க, சாமான் பிரிச்சுப் போட்டிருப்பாங்க, சங்கடப்படுவாங்க. முகம் பாத்த பிறகு போற மெசேஜுக்குப் பதில் வரும். உங்க வீட்ல பெண்கள்ல யாராவது அவங்க நம்பருக்கு அனுப்புறதுதான் நல்லது. தெரியாத ஆம்பளை நம்பர்ல இருந்து போனா, எவ்வளவு மரியாதையா எழுதினாலும் யோசிப்பாங்க.

நாய் இருக்கிறதைக் கண்டிப்பா எழுதணும். "கடிக்காது"ன்னு எழுதாதீங்க, பயப்படுற ஆளுக்கு அதனால பயம் போகாது. "அன்னைக்கு ரூம்ல அடைச்சு வச்சிருப்போம்"னு எழுதுங்க. மூணு வயசுப் பாப்பா வர்ற வீடு.

தோவாளைப்பூ

பெண்கள்ல யாராவதுன்னா நான்தான் 😊 நாளைக்கே போய் நம்பர் வாங்குறேன். தமிழ் வாசிக்கத் தெரியலன்னா என்ன பண்ண? வாய்ஸ் மெசேஜ் போடலாமா?

மார்த்தாண்டம்_தேன்

வாய்ஸ்தான் நல்லது. குரல்ல உள்ள அன்பு எழுத்துல வராது. எழுத்தே வேண்டாம், வாய்ஸ் மட்டும் போடுங்க.

கோட்டாறு_காப்பி

நம்பர் வாங்கும்போதே "தமிழ்ல எழுதினா வாசிப்பீங்களா"ன்னு கேட்டிருங்க, அதுல ஒரு குறையும் இல்ல. தமிழ் பேசத் தெரிஞ்சு வாசிக்கத் தெரியாதவங்க எல்லைப் பக்கம் நிறைய. வாசிக்க மாட்டாங்கன்னா வாய்ஸ் போடுங்க, முப்பது நாப்பது நொடிக்கு மேல போக வேண்டாம். ஆனா வாய்ஸ் மட்டும் போட்டா ஒரு சிக்கல் உண்டு. ரெண்டு நாள் கழிச்சு "அஞ்சு மணியா ஆறு மணியா"ன்னு சந்தேகம் வந்தா, மறுபடி முழுசாக் கேக்கணும், யாரும் கேக்க மாட்டாங்க. அதனால வாய்ஸுக்குக் கீழ ஒரே ஒரு வரி எழுத்துல: "14, சனி, 5.00, 3-ஏ". எண்ணை எந்தப் பாஷைக்காரரும் வாசிப்பார். வீட்டுக்காரருக்கு அனுப்பி விடவும் அந்த வரி உதவும்.

குளச்சல்_அலை

ஒரு சந்தேகம், இதோட சேர்ந்ததுதான். நாங்க இப்ப இன்னொரு ஊர்ல புதுசா குடிவந்திருக்கோம். மேல் வீட்டுக்காரங்க சாயங்காலம் நாலரைக்குச் சாயாவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. நாங்க நோன்பு பிடிச்சிருக்கோம். நோன்புன்னு சொன்னா அவங்க சங்கடப்படுவாங்களோ, சொல்லாம வராம இருந்தா மரியாதைக் குறைவோன்னு குழப்பமா இருக்கு. போய் உக்காந்துட்டு எதுவும் சாப்பிடாம வரலாமா?

கோட்டாறு_காப்பி

சொல்லிருங்க, ஒளிக்க வேண்டாம். போய் உக்காந்துட்டுக் குடிக்காம இருந்தா, அவங்க போட்டு வச்ச சாயா ஆறும், அவங்களும் உங்க முன்னால குடிக்க யோசிப்பாங்க. ரெண்டு பக்கமும் நெருக்கடி. இப்படி எழுதுங்க:

"கூப்பிட்டதுக்கு ரொம்ப சந்தோஷம். நாங்க நோன்பு பிடிச்சிருக்கோம், அதனால நாலரைக்குச் சாயா குடிக்க முடியாது. பெருநாள் முடிஞ்ச அடுத்த ஞாயிறு வரட்டுமா?"

காரணத்தை ஒரு வரியில சொல்லி, அடுத்த நாளை நீங்களே சொல்லிட்டீங்கன்னா, வர விருப்பம் இல்லன்னு அவங்க நினைக்க வழியே இல்ல. "அப்புறம் பாக்கலாம்"னு மட்டும் போட்டாத்தான் தப்பா எடுத்துக்கிடுவாங்க.

பூதப்பாண்டி_மலை

நோன்பு திறந்த பிறகு வரச் சொல்லலாமே? இப்ப ஆறரையை ஒட்டி மஃரிப்.

குளச்சல்_அலை

ஆறரைக்கு நோன்பு திறந்து, தொழுது, கஞ்சி குடிச்சு முடிக்கவே ஏழாயிரும். அதுக்கு மேல தராவீஹ் தொழுகை உண்டு. வெளிய போய் உக்காந்து பேச நேரம் இருக்காது. பெருநாளுக்குப் பிறகுதான் தோது. கோட்டாறு சார் சொன்ன மாதிரியே அனுப்புறேன், நன்றி.

தோவாளைப்பூ

நம்பர் வாங்கிட்டேன். அந்தம்மா தமிழ் மெதுவா வாசிப்பாங்களாம், சின்னச் சின்ன வரியா இருந்தாப் போதும்னு சொன்னாங்க. புதுசா எழுதினது இது:

"வணக்கம் அக்கா, நான் 3-ஏ. சனிக்கிழமை 14-ம் தேதி சாயங்காலம் 5 மணிக்கு நீங்க, சார், அம்மா, பிள்ளைகள் எல்லாரும் எங்க வீட்டுக்குக் கண்டிப்பா சாயா குடிக்க வரணும். வரலன்னா கோவிச்சுக்குவேன். மாடியில உள்ள எல்லாரையும் அறிமுகப்படுத்தி வைக்கிறேன். சைவமா அசைவமா? நாய் இருக்கு, பயப்படாதீங்க. எதுவும் வாங்கிட்டு வராதீங்க."

கோட்டாறு_காப்பி

நல்லா வந்திருக்கு, பேசுற மாதிரியே இருக்கு. நாலு இடத்துல மட்டும் கை வைக்கணும்.

"வரலன்னா கோவிச்சுக்குவேன்" நெருங்கின சொந்தத்துக்கிட்ட சொல்றது. முன்பின் பழகாதவங்க அதை அப்படியே எடுத்துக்கிடுவாங்க. அவங்க குடும்பத்துல ஒரு துக்கம் நடந்து நாள் கழியாம இருக்கலாம், பையனுக்குப் பரீட்சை இருக்கலாம். வர முடியாத காரணத்தை விளக்க வேண்டிய நிலைமையில அவங்களைக் கொண்டு நிறுத்தக் கூடாது.

"மாடியில உள்ள எல்லாரையும்" அப்படின்னா பத்துப் பேர் இருப்பாங்கன்னு அர்த்தம். அதுக்குத் தனியா உடுத்து ஒருங்கணும், பிள்ளைகளை அடக்கி வைக்கணும். முதல் தடவை உங்க வீட்டு ஆளுகள் மட்டும் இருங்க, அதையும் மெசேஜ்ல சொல்லிருங்க.

"சைவமா அசைவமா"ன்னு கேட்டா, ஜாதி கேக்குறதா சிலருக்குத் தோணும். அதோட, உங்களுக்கு வேண்டிய தகவலும் அதுல கிடைக்காது. அசைவம் சாப்பிடுறவங்களுக்கும் சீனி ஆகாம இருக்கலாம், முட்டை ஆகாத பிள்ளை இருக்கலாம். "ஆகாதது ஏதாவது உண்டா"ன்னு கேளுங்க, எல்லாம் அதுல வந்திரும்.

லிப்டைப் பத்தியும் ஒரு வரி போடுங்க. முட்டுவலி உள்ள அம்மை "மூணாம் மாடியா"ன்னு கேட்ட உடனே வேண்டாம்னு சொல்லிருவாங்க. அதுக்கு முன்னால, 14-ம் தேதி உங்க பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்புன்னு மின்தடை இருக்கான்னு பேப்பர்ல பாத்துக்கிடுங்க. கரண்ட் வர அஞ்சு மணி தாண்டிச்சுன்னா லிப்ட் நிக்கும், மிக்சியும் ஓடாது, உளுந்து அரைக்கவும் முடியாது.

எல்லாம் சேர்த்து இப்படி:

"அக்கா, நான் 3-ஏ …… (உங்க பேர்). நேத்து வாசல்ல பேசினோமே.
வர்ற சனிக்கிழமை, 14-ம் தேதி, சாயங்காலம் 5 மணிக்கு எங்க வீட்டுக்குச் சாயா குடிக்க வாங்க. நீங்க, சார், அம்மை, மோன், பாப்பா, அஞ்சு பேரும் வரணும்.
ஆறு, ஆறேகால் வரைக்கும் பேசிட்டு இருக்கலாம். நாங்க வீட்டு ஆளுகள் மூணு பேர் மட்டும்தான் இருப்போம்.
சாயாவும் பழம்பொரியும்தான். யாருக்காவது ஆகாதது ஏதாவது உண்டா, சீனி வேண்டாமா, சொல்லுங்க.
லிப்ட் மூணாம் மாடி வரைக்கும் வரும், அம்மைக்குப் படி ஏற வேண்டாம். வீட்ல நாய் உண்டு, அன்னைக்கு ரூம்ல அடைச்சு வச்சிருப்போம்.
கையை வீசிட்டு வாங்க, ஒண்ணும் கொண்டு வர வேண்டாம்.
அன்னைக்குத் தோதுப்படலன்னா பரவாயில்ல, இன்னொரு நாள் வச்சுக்கலாம். வியாழக்கிழமைக்குள்ள ஒரு வரி சொன்னாப் போதும்."

இது ஏழெட்டு வரி வருது. இதுக்கு மேல ஒரு வரி கூட்டினாலும் நீளமாயிரும். பூ, விளக்கு போட்ட படம் எதுவும் சேர்க்காதீங்க, பாத்த உடனே வந்து போற பார்வர்டு மெசேஜ்னு நினைச்சுத் தள்ளிருவாங்க. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு வீடு அடங்குற பத்து பத்தரை மணிக்கு அனுப்புங்க.

முளகுமூடு_மணி

"ஒண்ணும் கொண்டு வர வேண்டாம்"னு போட்டாலும் கொண்டுதான் வருவாங்க. யாரும் வெறுங்கையோட முதல் தடவை ஒரு வீட்டுக்குப் போக மாட்டாங்க.

கோட்டாறு_காப்பி

ஆமா, கொண்டு வருவாங்க. ஆனா அந்த வரி இருந்தா ஒரு பாக்கெட் பிஸ்கட்டோட நிக்கும். இல்லன்னா கேக், பழக்கூடைன்னு செலவு பண்ணுவாங்க, இப்பதான் வீடு மாறி கை கடிச்சுட்டு இருக்கும். கொண்டு வந்ததை வாங்கிக்கிடுங்க, "எதுக்கு இதெல்லாம்"னு ரெண்டு தடவைக்கு மேல சொல்ல வேண்டாம்.

மார்த்தாண்டம்_தேன்

பதில் வரலன்னா? ப்ளூ டிக் விழுந்தா படிச்சிட்டாங்கன்னு அர்த்தம், அப்ப வருவாங்கன்னு வச்சுக்கிட்டு ஏற்பாடு பண்ணலாம்தானே?

கோட்டாறு_காப்பி

படிச்சாங்கங்கிறது மட்டும்தான் அதுல தெரியும், வருவாங்களான்னு தெரியாது. ப்ளூ டிக்கை அணைச்சு வச்சிருக்கிறவங்களும் உண்டு, அவங்க படிச்சாலும் சாம்பல் நிறத்துலயேதான் நிக்கும். ஒத்த டிக் ஒரு நாளைக்கு மேல அப்படியே நின்னா மட்டும் கவனிங்க. மெசேஜ் அவங்க போனுக்கே போய்ச் சேரல, நம்பரை ஒருவேளை தப்பாக் குறிச்சிருக்கலாம்.

வியாழக்கிழமை ராத்திரி வரைக்கும் பதில் இல்லன்னா, வெள்ளிக்கிழமை ஒரே தடவை நினைவுபடுத்தலாம். "மெசேஜ் பாத்தீங்களா"ன்னு கேக்காதீங்க, அது கணக்குக் கேக்குற மாதிரி. "நாளைக்கு அஞ்சு மணிச் சாயாவுக்கு வடைக்கு உளுந்து ஊறப்போடட்டுமா அக்கா, இல்ல இன்னொரு வாரம் வச்சுக்கலாமா?"ன்னு கேளுங்க. அதுக்கும் பதில் இல்லன்னா விட்டிருங்க. மாடிப்படியில பாத்தா சாதாரணமாச் சிரிச்சுப் பேசுங்க, அந்தப் பேச்சை எடுக்கவே வேண்டாம்.

தோவாளைப்பூ

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அனுப்பிட்டேன். மத்தியானம் பதில் வந்துது: கட்டைவிரல் 👍 மட்டும். வேற ஒண்ணும் இல்ல. இதை எப்படி எடுத்துக்கிட?

மார்த்தாண்டம்_தேன்

சரின்னுதான் அர்த்தம்.

கோட்டாறு_காப்பி

"பாத்துட்டேன்"னும் இருக்கலாம், "வாறோம்"னும் இருக்கலாம். வாறாங்கன்னே வச்சாலும், எத்தனை பேர், சீனி உண்டா இல்லையான்னு தெரியல. கையில பாப்பாவை வச்சுக்கிட்டுப் போட்டிருப்பாங்க. இன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்குள்ள, ஒரே வார்த்தையில பதில் சொல்ற மாதிரி ஒரு கேள்வி கேளுங்க: "சந்தோஷம் அக்கா. அம்மைக்குச் சீனி போடலாமா?" வர்றதா இருந்தா அதுக்குப் பதில் வரும். வரலன்னா அந்தக் கேள்வியைப் பாத்த உடனே "இல்ல, அன்னைக்கு…"ன்னு தானே சொல்லிருவாங்க. வருவீங்களா மாட்டீங்களான்னு நேரா நெருக்க வேண்டிய அவசியம் இருக்காது.

தோவாளைப்பூ

கேட்டேன், உடனே பதில் வந்திருச்சு: "அம்மைக்கு சீனி வேண்டா. மோளுக்கு பால் மதி. சேட்டன் வரான் அஞ்சரை ஆகும், நாங்க அஞ்சுக்கு வராம்."

இரணியல்_தறி

அப்ப என் கணக்கை மாத்தணும். பெரியவங்க மூணு, நீங்க மூணு, ஆறு சாயா. பையனுக்கும் பாப்பாவுக்கும் பால். சேட்டன் அரை மணிக்கூர் பிந்தி வாறதுனால எல்லாத்தையும் ஒரேயடியாப் போட்டு வைக்காதீங்க, சூடு பண்ணின சாயா கசக்கும். முதல் தடவை அஞ்சு கப்புக்கு: பால் 400 மில்லி, தண்ணி 250, தேயிலை அஞ்சு டீஸ்பூன். அஞ்சரைக்கு அவருக்குப் போடும்போது யாருக்காவது ரெண்டாம் கப் வேணுமான்னு கேட்டு அதுக்குத் தக்கப் போடுங்க. சீனியைச் சட்டியில போடவே வேண்டாம், தனியா வச்சு அவங்கவங்க கப்புல போடட்டும். அம்மை கப்பு மாறிப்போகாது. பிள்ளைகளுக்கு வேற பாத்திரத்துல 300 மில்லி. அரை லிட்டர் பாக்கெட் மூணு வாங்கினா தாராளம். பழம்பொரி மாவை முன்னாலயே கரைச்சு வச்சிரலாம், ஆனா ஏத்தன்பழத்தை அவங்க வந்து உக்காந்த பிறகு கீறுங்க. முன்னால கீறி வச்சா கறுத்துப் போயிரும், பொரிச்சு வச்சா நவுத்துப் போயிரும்.

தோவாளைப்பூ

நன்றி அண்ணா. இன்னும் ஒண்ணு கேக்கணும். 1-சி-க்கு எதிர்வீடு 1-டி. அங்க ஒரு பெரியம்மா தனியா இருக்காங்க. இவங்க எங்க வீட்டுக்கு லிப்ட்ல ஏறிப் போறதை அவங்க கண்டிப்பா பாப்பாங்க. அவங்களையும் கூப்பிடவா?

முளகுமூடு_மணி

கூப்பிடுங்க. தனியா இருக்கிற பெரியம்மா, எதிர்வீட்டுக்காரங்க வேற. இவங்களுக்கு அவசரத்துக்குக் கதவைத் தட்ட ஒரு ஆள் தெரிஞ்ச மாதிரியும் ஆகும்.

கோட்டாறு_காப்பி

வீட்டு ஆளுகள் மட்டும்தான் இருப்போம்னு எழுதிட்டீங்க. அதை நம்பித்தான் அவங்க சாதாரண உடுப்புல, பாப்பாவோட வருவாங்க. மாத்தணும்னா அவங்ககிட்ட கேட்டுட்டு மாத்துங்க, இல்லன்னா பெரியம்மாவை அடுத்த வாரம் தனியாக் கூப்பிடுங்க. நான்னா தனியாத்தான் கூப்பிடுவேன்.

பூதப்பாண்டி_மலை

தனியாக் கூப்பிட்டாலும், "முதல்ல அவங்களை, அப்புறம்தான் என்னையா"ன்னு பெரியம்மாவுக்கு இருக்கும். சனிக்கிழமைக்கு முன்னாலயே, வியாழனோ வெள்ளியோ பெரியம்மாவைச் சாயாவுக்குக் கூப்பிட்டிருங்க. வெள்ளி சாயங்காலம் அவங்க கோவிலுக்குப் போறவங்களான்னு மட்டும் கேட்டுக்கிடுங்க.

தோவாளைப்பூ

வெள்ளிக்கிழமை அவங்க கோவிலுக்குப் போவாங்க. வியாழக்கிழமை நேரா போய்க் கூப்பிடுறேன், அவங்ககிட்ட போன் பட்டன் போன்தான், மெசேஜ் சரிப்படாது. வரலன்னு சொன்னாங்கன்னா சனிக்கிழமைக்கு என்ன செய்றதுன்னு அப்புறம் கேக்குறேன்.